பெயர் மறைத்த நாலு பேர்

நாலாவது ஏஜென்சிக்காரனும் பொருளைச் செய்த கம்பெனியின் பெயரை அழித்துவிட்டுத்தான் கையேட்டை அனுப்பியிருந்தான். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று நட்சத்திரம்.

"பேர மறைக்கறான்னா போலிச் சரக்குதான். நாளைக்குப் போலீஸ் வந்தா உன்னத்தான் கேப்பாங்க," என்றான் கணவன், அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

அவளுக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் வேலையை விட்டால் சோற்றுக்கு என்ன வழி?

வீட்டு மின்சாதனக் கையேடுகளை மொழிபெயர்ப்பது அவள் பிழைப்பு. ஆறு வருடம் ஒரே கம்பெனியை நம்பியிருந்தாள். வருமானத்தில் முக்கால்வாசி அங்கிருந்துதான். "இனி தனிநபர்களுக்கு வேலை தருவதில்லை, ஏஜென்சிகளுக்கு மட்டுமே" என்று மின்னஞ்சல் வந்த அன்று அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேனேஜர்தான் குழி பறித்துவிட்டார் என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தாள்.

பிறகு நாற்பது ஏஜென்சிகளுக்கு எழுதிப் போட்டாள். பாதிப் பேர் பதிலே போடவில்லை. சிலர் முந்நூறு வார்த்தை சும்மா செய்து காட்டச் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். மூன்றாம் மாதம் ஒரு மிக்ஸி கையேடு கிடைத்தது, பழைய கூலியில் பாதிக்கு. அந்தப் பணமும் பில் கொடுத்து நாற்பத்தைந்து நாள் கழித்துத்தான் வந்தது. அதுவரை சேமிப்பைச் சுரண்டித்தான் குடும்பம் ஓடியது.

அடுத்து வேறொரு ஏஜென்சியிடமிருந்து ஹீட்டர், இன்னொன்றிடமிருந்து ஓவன், இப்போது இந்த வாக்குவம் கிளீனர். இனி எந்த ஒருவரிடமும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேலை வாங்குவதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள். ஒருத்தன் கைவிட்டாலும் மூன்று பேர் இருப்பார்களே. ஒரு வருடத்தில் பழைய வருமானத்தில் முக்கால் பங்கை எட்டிப் பிடித்தாள்.

யாருடைய பொருள் என்று மட்டும் எவரும் வாய் திறக்கவில்லை. ஒப்பந்தப்படி சொல்லக்கூடாதாம். நாலு பேரும் சொல்லிவைத்த மாதிரி இதையே சொன்னார்கள்.

வாக்குவம் கிளீனரை முடித்துக் கொடுத்த மறுமாதம் பழைய கம்பெனி மேனேஜர் போன் செய்தார். அவளை நிறுத்தியது மேலிடத்து முடிவு, தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றார். அவள் நம்பவில்லை.

"இப்ப நாலு ஏஜென்சி வெச்சிருக்கோம் மேடம். ஒருத்தர மட்டும் வெச்சுக்கிட்டு மத்த மூணு பேரையும் நிறுத்தப் போறோம். மொழிபெயர்ப்ப எடை போடத் தெரிஞ்சவங்க இங்க யாரும் இல்ல. நீங்க படிச்சுப் பார்த்து, யாரு நல்லா எழுதறாங்கன்னு சொல்லணும்."

ஓசியில் வேலை வாங்கப் பார்க்கிறாரோ என்று கூலியை முதலில் பேசினாள். கேட்டதைத் தருவதாக உடனே ஒப்புக்கொண்டார். அதுவும் அவளுக்குச் சந்தேகமாகவே இருந்தது.

ஏஜென்சிக்கு ஒன்றாக, அச்சான நாலு கையேடுகளும் வந்தன. முதலாவதில் ஒரு பக்கம் படித்தாள். அவசரமாக இரண்டாவதைத் திறந்தாள், பிறகு மற்ற இரண்டையும். உடனே மேனேஜரை அழைத்தாள்.

"அதுக்குள்ள படிச்சாச்சா? யார வெச்சுக்கலாம் மேடம்?"

"நாலையும் எழுதினது நான்தான் சார்."