தாய்மாமனுக்கு ஒரு ஞாயிறு

“அக்கா பிள்ளைங்களை இனிமே என்னால பாத்துக்க முடியாதுன்னு சொல்லணும். ஆனா அது கோபமாத் தெரியக் கூடாது. எப்படிச் சொல்றது பாய்?” என்று வீரமலை கேட்டான்.

ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரரான நஜிமுதீன் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார்.

“தாய்மாமன் நீ. எப்படிச் சொன்னாலும் கோபமாத்தான் தெரியும்.”

முசிறிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் வீரமலைதான் முதல் பட்டதாரி. வேலை கிடைத்துத் திருச்சிக்கு வந்து, மன்னார்புரத்தில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தான். ஒரு வருடமாக, ஞாயிறு விடிந்தால் போதும், அக்கா மயிலம்மாளும் மச்சான் அழகிரியும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து, ஐந்து வயது ராசாத்தியையும் மூன்று வயது சின்னையனையும் அவனிடம் விட்டுவிட்டுப் போவார்கள். இருட்டுகிற நேரத்தில்தான் திரும்பி வருவார்கள்.

பிள்ளைகள் மேல் அவனுக்கு எந்தக் குறையும் இல்லை. ராசாத்திக்குக் கதை சொன்னால்தான் சோறு இறங்கும். சின்னையனுக்கு மாமன் முதுகுதான் யானை. இரண்டையும் தூங்கப் பண்ணிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் ஒன்று எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதுதான் சிக்கல். இலாகா பரீட்சையில் தேறினால்தான் வேலை நிரந்தரமாகும். ஏற்கெனவே ஒரு முறை கோட்டை விட்டாயிற்று. அடுத்த பரீட்சைக்கு இரண்டே மாதம்.

“அப்படி எங்கதான் போறாங்க உங்க அக்காவும் மச்சானும்?” என்றார் நஜிமுதீன். “போன ஞாயித்துக்கிழமை காவேரிப் படித்துறையில பாத்தேன். புதுமாப்பிள்ளை, புதுப்பொண்ணு கணக்கா உக்காந்து வேர்க்கடலை கொறிச்சுக்கிட்டிருந்தாங்க.”

வீரமலைக்குச் சுருக்கென்றது. இங்கே அவன் யானையாகிக்கொண்டிருக்கிறான், அங்கே வேர்க்கடலை.

நஜிமுதீன் யோசனைகளை அடுக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் போவதாகச் சொல்லிவிடலாம். அறையைப் பூட்டிக்கொண்டு எங்காவது போய்விடலாம். அம்மாவிடம் சொல்லி அம்மாவை விட்டே சொல்ல வைக்கலாம். வீரமலைக்கு எதுவும் ஒப்பவில்லை. பொய் சொன்னால் ஒவ்வொரு வாரமும் சொல்ல வேண்டும். பூட்டினால் பிள்ளைகள் வாசலில் நின்று ஏமாந்து போகும். அம்மா மூலம் போனால் முசிறிச் சந்தைக்கே தெரிந்துவிடும்.

நேரில் போய்ச் சொல்வதென்று முடிவு செய்தான். அதுவும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பிள்ளைகளோடு வந்து நிற்கும்போது அல்ல. அப்போது சொன்னால் அவர்களுக்கு வேறு வழி பார்த்துக்கொள்ள நேரம் இருக்காது. புதன்கிழமை ஆபீஸ் விட்டதும் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினான்.

வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் திருத்திக்கொண்டே போனான். ‘வாராவாரம்’ என்ற சொல்லை எடுத்தான். அதில் கணக்குப் பார்க்கிற வாடை அடித்தது. ‘நீங்க மட்டும்’ என்று ஆரம்பித்த ஒரு வாக்கியத்தை முழுதாகவே விட்டுவிட்டான். படித்துறையையும் வேர்க்கடலையையும் காவேரிப் பாலத்தோடு கழற்றிவிட்டான். கடைசியில் அவனுடைய பரீட்சையும், அவனால் முடிந்த உதவியும் மட்டும் மிஞ்சின.

மச்சான் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. பிள்ளைகள் எதிர்வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தன. அக்கா கொடுத்த காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டான்.

“அக்கா, ரெண்டு மாசத்துல எனக்குப் பரீட்சை. படிக்கிறதுக்கு எனக்கு ஞாயித்துக்கிழமைதான் இருக்கு. அதனால இந்த ஞாயித்துக்கிழமையிலேருந்து பிள்ளைங்களை என்னால வெச்சுக்க முடியாது. பரீட்சை முடிஞ்ச பிறகும் மாசத்துக்கு ஒரு ஞாயிறுதான் முடியும். உங்க மேல எனக்கு எந்த வருத்தமும் இல்லே. அவசரம், உடம்புக்கு முடியலேன்னா சொல்லி அனுப்பு, எந்த நேரமானாலும் ஓடி வரேன்.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

வீரமலைக்கு வியர்த்துவிட்டது.

“மாசத்துக்கு ரெண்டு ஞாயிறுன்னாலும்...”

“தம்பி.”

“சரி, மூணு.”

“ஏலம் விடாதேடா, நிறுத்து” என்று திரும்பினாள் அக்கா. அவள் அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தாள்.

சிரித்து ஓய்ந்த பிறகு சொன்னாள். வேலைக்கு வந்த புதிதில் ஒரு நாள் அவன் இங்கே சாப்பிட்டுக்கொண்டே, ‘மத்த நாள் எப்படியோ ஓடிடுது, ஞாயித்துக்கிழமை பேச ஒரு ஆள் இல்லே, வேலையை விட்டுட்டு ஊருக்கே போயிடலாம் போலிருக்கு’ என்றானாம். அவனுக்கு அது மறந்தே போயிருந்தது. அன்றைக்கே பிள்ளைகளை அவனிடம் அனுப்புவது என்று மச்சான் முடிவு செய்துவிட்டாராம். தாங்களும் கூட இருந்தால் பிள்ளைகள் அப்பன் மடியை விட்டு இறங்காது, மாமனிடம் ஒட்டாது என்றுதான் இருவரும் விட்டுவிட்டு வந்தார்களாம். பிள்ளைகள் இல்லாத வீட்டில் இருப்புக் கொள்ளாமல், பொழுது சாயும்வரை படித்துறையில் உட்கார்ந்திருப்பார்களாம். போதும், நிறுத்திவிடலாம் என்று இவள் எத்தனையோ தடவை சொல்லியும், தம்பி மனசு ஒடிந்துவிடும் என்று அவர் கேட்கவில்லையாம்.

வீரமலை காலி டம்ளரைக் கீழே வைத்தான்.

“அப்போ நான் வேணாம்னு சொன்னேன்னு தெரிஞ்சா மச்சான் வருத்தப்படுவாரா அக்கா?”

“வருத்தமா? பொன்மலைக்கு வேலைக்குக் கிளம்பறப்போ பிள்ளைங்க தூங்கிக்கிட்டிருக்கும். ஓவர்டைம் முடிஞ்சு வர்றப்போவும் தூங்கிடும். பிள்ளைங்க முழிச்சிருக்கிறதை அந்த மனுஷன் பாக்கிறதே ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான். அதைத்தான் ஒரு வருஷமா உனக்குக் குடுத்துட்டு உக்காந்திருந்தாரு.”