குறைந்த இரண்டு சீர்

"நாளையிலிருந்து இவ வேண்டாம். வேற ராணியைப் பாருங்க!"

திரை விழுந்தும் வெளியே கைத்தட்டல் அடங்கவில்லை. அதற்குள் இப்படிக் கத்திக்கொண்டே ஒப்பனை அறைக்குள் புயலாக நுழைந்தார் நாடகாசிரியர். கிரீடத்தைக் கழற்றிக்கொண்டிருந்த நடிகை எழுந்து நின்றாள். அவளுக்கு இதுதான் முதல் பெரிய வேஷம்.

"சார், நான் அந்த இடத்துல..."

"பேசாதே! 'விலகா நெஞ்சம் வேண்டும் மன்னா'ன்னு எழுதிக் கொடுத்தா, 'விலகு மன்னா'ங்கறே! அஞ்சாம நில்லுன்னு நான் எழுதினா, நீ ஓடுங்கறே. என் அகவலைக் கொன்னுட்டியேம்மா!"

"கொல்லல அண்ணே, உயிர் கொடுத்திருக்கா!" என்று பின்னாலேயே குதித்துக்கொண்டு வந்தார் இயக்குநர். கண்மைப் பென்சிலை எடுத்து நிலைக்கண்ணாடியிலேயே எழுத ஆரம்பித்தார்.

கோட்டை / வாயில் / மோதும் / வெம்பகை
கடல்போல் / பொங்கி / ஆர்த்து / வந்தது
விலகு / மன்னா!

"எண்ணிப் பாருங்க. அடிக்கு நாலு சீர், நாலு சீர்னு படை நடக்கற மாதிரி வருது. கேக்கறவன் காதும் நாலுக்குப் பழகிடுது. அடுத்த அடியில?"

"ரெண்டுதான். அதானே தப்பு!"

"தளை தட்டுதா, சொல்லுங்க? 'வந்தது' நிரையில முடியுது. 'வில', ரெண்டு குறில் இணைஞ்சு நிரை. அதனால ஒட்டுது. 'கு' நேர். 'மன்னா'வும் நேர்ல தொடங்குது. ஒட்டெல்லாம் கச்சிதம். ஒடியறது நீளம் மட்டும்தான். அகவல் நடுவுல ரெண்டு சீர்ல குறளடி வரலாம்னு இலக்கணமே இடம் கொடுக்குதே!"

ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். உதடுகள் தாமாகவே எண்ணத் தொடங்கின.

"அதுவரைக்கும் பேசினது ராணி. இங்க பேசறது பொண்டாட்டி! மூச்சு முட்டி நிக்கறவ நாலு சீருக்கு எங்க போவா? காது மூணாவது சீருக்குக் காத்திருக்கு, வரல. சபையே திக்குன்னு ஆயிடுச்சு. மன்னரே பதறிப்போய் பின்னால தாவினாரே! அந்தக் காலி இடத்துல தடால்னு அரண்மனைத் தூண் சாயுது. மீதி ரெண்டு சீர் அந்தச் சத்தம்தான் அண்ணே!"

"அட, ஆமாம்!" ஆசிரியர் துள்ளினார். "புத்தகத்துலயும் இப்படியே போட்டுடறேன். இனிமே நீதாம்மா ராணி! ஆனா, தூணைச் சாய்க்கப் போறதை எங்கிட்டகூட மறைச்சுட்டீங்களே, டைரக்டரே!"

"நானா? அது உங்க யோசனைன்னுல்ல நினைச்சேன்?"

இருவரும் மெதுவாக நடிகையின் பக்கம் திரும்பினார்கள்.

"தூணைக் கட்டியிருந்த கயிறு அறுந்துடுச்சு சார். மன்னரா நடிச்சவர் அது சாயற பக்கமே நின்னுட்டிருந்தாரு. நாலு சீர் சொல்ல நேரமில்ல."