சும்மாதான்

"பழைய ஆபீஸ் பக்கம் போனேன். உன் ஞாபகம் வந்துச்சு, அதான் போன் போட்டேன்" என்றார் கணக்காளர்.

அங்கே பக்கத்து சீட்டில் இருந்து, பல வருடம் தொடர்பே இல்லாமல் போன நண்பர் இழுத்தார். "சந்தோஷம்... சொல்லு, என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லடா, சும்மாதான்."

"கூச்சப்படாம கேளு. ஆனா என் சிபாரிசெல்லாம் இப்ப எடுபடாது."

கணக்காளர் ஒரு கணம் யோசித்தார். "சரி, ஒரு உதவி. பிரிண்டர்ல பேப்பர் சிக்கினா எந்தப் பக்கம் தட்டுவே?"

மறுமுனைக் குரல் மலர்ந்தது. "இடது பக்கம்டா! அதுவும் மேனேஜர் பார்க்காதப்போ!"

அப்புறம் அரை மணி நேரம் ஒரே சிரிப்பு. "அடுத்த வாரம் நானே கூப்பிடுறேன்டா!" என்றார் நண்பர்.

போனை வைத்ததும் மகள் கேட்டாள். "அப்பா, நம்ம வீட்டுல பிரிண்டரே இல்லையே?"

"அவன்கிட்ட சொல்லிடாதேம்மா. இப்பத்தான் மனுஷன் நிம்மதியாப் பேசினான்."