நாற்பத்து மூன்றாவது சீட்டு

"நம்ம ஒம்பதாவதுல நாப்பத்திரண்டு புள்ளைங்கதானே சார்? சீட்டு நாப்பத்து மூணு வந்துக்குது" என்றார் பியூன் பழனி.

தலைமையாசிரியர் ராஜாங்கம் கட்டை வாங்கினார். காலாண்டுத் தேர்வு நோட்டீஸின் அடிச்சீட்டுகள். எட்டாம் தேதி வேளாங்கண்ணி மாதா திருநாள், பதின்மூன்றாம் தேதி விநாயகர் சதுர்த்தி என்று அந்த இரண்டு நாள் பரீட்சைகளையும் கடைசி வாரத்துக்குத் தள்ளியிருந்தார். பெற்றோர் கையெழுத்திட்டு, அடிச்சீட்டைக் கிழித்துத் திருப்பி அனுப்ப வேண்டும்.

கடைசிச் சீட்டில் மாணவன் பெயரை மறுபடியும் படித்தார். வெற்றிவேல். அவன் செத்து ஒரு வருஷம் ஆகிறது.

போன வருஷம் வெள்ளிக்கிழமை என்றிருந்த மொகரம், பிறை பிந்தியதால் சனிக்கிழமைக்குப் போனது. சனிக்கிழமைக் கணக்குப் பரீட்சை வெள்ளிக்கு வந்தது. அவசரமாக இரண்டாவது நோட்டீஸ் போனது. காய்ச்சலோடு கல்வராயன் மலையில் வீட்டோடு கிடந்த வெற்றிவேல், பழைய தேதியிலேயே பரீட்சை எழுத இறங்கி வந்தான். பள்ளி பூட்டியிருந்தது.

அன்றைக்கு இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். மரங்கள் வெட்டிக் கிடந்தன, பஸ் இல்லை. நடந்தே திரும்பியவன் தலையில் எங்கிருந்தோ வந்த கல் விழுந்தது. பாவம், பதினாலு வயசு.

சீட்டில் "பெரியம்மாள்" என்ற கையெழுத்து. புள்ளி வைக்க வேண்டிய இடங்களில் குட்டி வட்டங்கள். வெற்றிவேல்தான் அப்படி எழுதுவான்.

பழனி போன வருஷக் கோப்பைத் தேடி எடுத்தார். "அவங்கம்மா கைநாட்டுதான் சார் வச்சிக்கீறாங்க. அப்ப இத எழுதுனது யாரு?"

அந்த இரண்டாவது நோட்டீஸ் வீட்டுக்குப் போனதற்கு அந்தக் கைநாட்டுதான் அத்தாட்சி. பையன் செத்த விசாரணையில் ராஜாங்கத்தின் வேலையைக் காப்பாற்றியதும் அதுதான்.

"அத மூடிட்டு உள்ள வைய்யா" என்றார் ராஜாங்கம்.

"நான்தாங்க எழுதனேன்" என்றது வாசலில் ஒரு குரல். வெற்றிவேலின் தாய் பெரியம்மாள் நின்றிருந்தாள்.

பழனிக்குப் போன உயிர் வந்தது. "இன்னாம்மா இப்டி பயமுறுத்திட்ட! புள்ளயே இல்லாதப்ப உனக்கு எதுக்கு நோட்டீசு?"

"போன வருசம் தேதி மாத்துன நோட்டீசு எனக்கு வரலீங்க. இந்த வருசமாவது ஒண்ணு வாங்கிக்கலாம்னு எங்க ஊரு புள்ளைங்ககிட்ட கேட்டு வாங்கனேன்."

"எழுத்து அப்படியே உம்புள்ள எழுத்தாட்டம் கீதே?"

"அவன்தாங்க கத்துக்குடுத்தான். ஆறாவது படிக்கும்போதே. அதுலேர்ந்து எங்க போனாலும் கையெழுத்துதாங்க."

பழனியின் கையில் கோப்பு இன்னும் திறந்தே இருந்தது. மகன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தவள், அதற்கடியில் இருந்த ரேகையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இது யாரு கட்டவெரலுங்க, சார்?"