அடிபட்டவன் யார்

வழியில் அடிபட்டுக் கிடந்தவன் ஏன் சமாரியன் இல்லை என்ற கேள்விக்குக் கிரகோரியிடம் பதில் இல்லை.

கேட்டது டொரத்தி அக்கா. போன வாரம், பங்கு மக்கள் வீட்டில் கூடும் அன்பியக் கூட்டத்தில், கிரகோரி நல்ல சமாரியன் உவமையை விளக்கியபோது. கள்வரிடம் அடிபட்டுக் கிடந்த யூதனைக் கண்டும் ஆலயக் குருவும், லேவியர் என்ற ஆலய ஊழியரும் விலகிப் போக, யூதர்கள் வெறுத்த சமாரியன் ஒருவன் தூக்கிக் காப்பாற்றியதாக இயேசு சொன்ன கதை. "எதிரியையும் நேசின்னு சொல்லத்தானே இந்தக் கதை? அப்ப அடிபட்டவன சமாரியனா வச்சு, நம்மாளு, யூதன், தூக்கிட்டுப் போனான்னு சொல்லிருக்கலாம்லா. ஏன் தலைகீழா சொன்னாரு?"

அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்று சமாளித்திருந்தார்.

இன்றுதான் அந்த ஞாயிறு. மணி எட்டு ஐம்பது. கிரகோரியின் கார் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்துக் கால்வாயில் முன்பக்கம் கீழாகச் சரிந்து கிடந்தது. பெரிய சாலையில் வெள்ளம் என்று கோயிலுக்குக் குறுக்கு வழியில் வந்தவர். அவர் பக்கத்துக் கதவைக் கால்வாய்ச் சுவர் அடைத்திருந்தது. உடல் எடை முழுவதும் பெல்ட்டில் தொங்கியதால் அதன் பொத்தான் அசையவில்லை.

தண்ணீர் இடுப்பில் இருந்தது. மழை விடவில்லை.

தீயணைப்புப் படைக்குச் சொல்லியாயிற்று. வழியில் மரம் விழுந்திருக்கிறதாம், ஒரு மணி நேரம் ஆகுமாம்.

முன்னாலேயே கோயிலுக்குப் போயிருந்த மனைவி ரீத்தாவுக்குப் போன் அடித்தார். உபதேசியாருக்கு அடித்தார். கோயில் குழுவில் பத்துப் பேருக்கு அடித்தார். யாரும் எடுக்கவில்லை.

எடுக்க மாட்டார்கள். எட்டரைத் திருப்பலிக்கு வருகிறவர்கள் கைத்தொலைபேசியை அணைத்து வாசலில் உள்ள கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்தச் சட்டத்தைக் கொண்டு வந்தவர் கிரகோரி.

குருவும் லேவியரும் நினைவுக்கு வந்தார்கள். பிணத்தைத் தொட்டால் தீட்டு, ஆலயப் பணி கெடும், அதனால் விலகிப் போனார்கள் என்றுதான் அவர் இத்தனை வருடம் விளக்கி வந்தார். ஆனால் அந்தக் குரு ஆலயம் இருக்கும் எருசலேமிலிருந்து இறங்கி வருகிறார். பணி முடிந்துவிட்டது. அந்தச் சாக்கும் நிற்காது.

குரு, லேவியர். மூன்றாவதாகச் சாதாரண யூதர் ஒருவர் வருவார் என்றுதான் கேட்டவர்கள் காத்திருப்பார்கள். வந்தவன் சமாரியன்.

தூரத்து அந்நியனும் இல்லை. மோசேயின் அதே ஐந்து நூல்கள், அதே ஒரே கடவுள். வழிபடும் மலைதான் வேறு. சமாரியர்களுடைய கோயிலை யூதர்கள் இடித்தார்கள். யூதர்களுடைய ஆலயத்தில் சமாரியர்கள் மனித எலும்பைத் தூவினார்கள். நற்செய்தி நூலில் இந்தக் கதைக்கு ஓர் அதிகாரம் முன்னால்தான் ஒரு சமாரிய ஊர் இயேசுவுக்கே இடம் தர மறுத்தது. வானத்திலிருந்து நெருப்பை வரவழைக்கட்டுமா என்று சீடர்கள் கேட்டார்கள்.

தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது.

இந்தத் தோட்டத்தில் கிரகோரிக்குத் தெரிந்த தொழிலாளி ஒருவன் உண்டு. எல்வின். முன்பு கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்தவன். ஆறு குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு, சனிக்கிழமையை ஓய்வு நாளாகக் கொள்ளும் சபைக்குப் போனவன். கிரகோரியின் அம்மா இறந்த வீட்டில், செத்தவர்களுக்குச் செபமாலை எதற்கு என்று எல்லார் முன்னாலும் கேட்டவன். பதிலுக்குக் கிரகோரி தோட்ட நிர்வாகத்தில் பேசி, அந்தச் சபை கூடிய மண்டபத்துக்குப் பூட்டுப் போட வைத்தார்.

அவனுக்கு நேற்றே ஓய்வு நாள் முடிந்துவிட்டது. தொலைபேசி கையில் இருக்கும்.

அந்த எண்ணைத் தடுத்து வைத்து ஒன்பது வருடம். தடையை நீக்க விரலை மூன்று முறை அழுத்த வேண்டியிருந்தது.

இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"எல்வின், கிரகோரி பேசறேன். கால்வாய்ல மாட்டிக்கிட்டேன்."



"அலமாக்! ஐயையோ! எந்த பிளாக்கு அண்ணே? மரத்துல நம்பர் போட்டிருக்கும், பாருங்க."

கண்ணாடி வழியே சிவப்புப் பெயின்ட் தெரிந்தது. பன்னிரண்டு.

தண்ணீர் கழுத்தைத் தொட்டபோது மோட்டார் சைக்கிள் சத்தம் வந்தது. மேல் பக்கத்து ஜன்னலில் செம்பனை வெட்டும் அரிவாளும் பின்னால் எல்வினின் முகமும் தெரிந்தன. கண்ணாடியை உடைத்து உள்ளே எட்டி, பெல்ட்டை ஒரே இழுப்பில் அறுத்தான். பிறகு கையை நீட்டினான்.

கிரகோரி அந்தக் கையைப் பார்த்தார்.

கதையின் கடைசியில் இயேசு "மூவரில் அடிபட்டவனுக்கு அயலான் யார்?" என்று கேட்டபோது, நான் நேசிக்க வேண்டிய அயலான் யார் என்று முதலில் கேட்ட சட்ட அறிஞரால் சமாரியன் என்று வாயால் சொல்ல முடியவில்லை. இரக்கம் காட்டியவன் என்று மட்டும் சொன்னார்.

"எல்வின்" என்று சொல்லிக் கையைப் பிடித்தார்.

பத்து மணிக்கு, நனைந்த சட்டையோடு, கிரகோரி டொரத்தி அக்காவுக்கு எல்வினின் தொலைபேசியிலிருந்து பதில் அனுப்பினார்.

"அக்கா, கதையைக் கேட்பவர் யூதர். அடிபட்டவரும் யூதர். அதாவது அடிபட்டுக் கிடப்பது நாம். சமாரியன் கிடந்திருந்தால், உதவலாமா என்று மேலே நின்று யோசிப்போம். கீழே கிடக்கும்போது யார் அயலான் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அதனால்தான் தூக்க வந்தவன் சமாரியன்."