எட்வின் மறைத்த சமயம்

மெத்தைக்கு அடியில் எட்வின் ஒளித்து வைத்திருந்த தாள்களை றீற்றா இழுத்தெடுத்தாள். ‘சிறுபான்மைச் சமயங்கள்: சொராஸ்திரியர். மாணவருக்கான அறிமுகம்’ என்றிருந்தது. ரொறன்ரோவுக்கு வந்த இரண்டாம் வருடம், தொண்ணூற்றாறில், மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படிப்பதாகத்தான் அவன் மனைவியிடம் சொல்லியிருந்தான்.

“எங்கட கிறிஸ்தவ வேதத்தை விட்டிட்டு நெருப்பைக் கும்பிடப் போறீங்களோ? ஆரவள் உங்களை மாத்தினது, சொல்லுங்கோ!”

“நெருப்பு அவைக்குக் கடவுள் இல்லை. அகுரா மஸ்தா எண்ட ஒரே கடவுளின்ரை ஒளி. நல்ல நினைப்பு, நல்ல பேச்சு, நல்ல செயல், உதுதான் அவையின்ரை வழி.”

“பாடமாக்கியே போட்டீங்கள்! உதிலை எழுதிக் கிடக்குது, கழுத்தடியிலை குட்டிப் பை வைச்ச வெள்ளை உடுப்பு, இடுப்பிலை மூண்டு சுத்துக் கம்பளிக் கயிறு. எப்ப கட்டப் போறீங்கள்?”

“ஆசைப்பட்டாலும் லேசிலை சேர்க்கமாட்டினம். பிறப்பாலை வரவேணும் எண்டுதான் அவையிலை கனபேர் சொல்லுவினம்.”

“அப்ப உங்களுக்கு ஏன் உது?”

எட்வின் தலையைக் குனிந்தான். “அவையிலை ஒராள் செத்தால் குளிப்பாட்டி, அந்த உடுப்பையும் கயிறையும் போடுவினம். அதுக்குப் பிறகு வேற சமயத்தவை தொடக்கூடாது. நான் உதைத் தெரிஞ்சிருக்கவேணும். நான் படிக்கிறது கம்ப்யூட்டர் இல்லை, றீற்றா. பிரேதங்களை ஆயத்தப்படுத்தி அடக்கம் செய்யிற வேலை.”

றீற்றா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

“உம்மட அம்மா செத்தப்ப, இஞ்சை பிரேதம் ஆயத்தப்படுத்தினவை சேலை கட்டத் தெரியாமல் போர்வை மாதிரிச் சுத்தி விட்டினமே. எங்கட சனத்திலை ஒருத்தன் அங்கை நிக்கவேணும் எண்டு நினைச்சன். சொன்னால் அருவருப்பீர் எண்டு பயம்.”

அவள் எழுந்து அலுமாரியிலிருந்து ஒரு சேலையை எடுத்து அவனிடம் நீட்டினாள். பிறகு கட்டிலில் நேராகப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“கட்டுங்கோ. கொசுவம் பிழைச்சால் சொல்லுறன்.”