அபாங்

அயோத்தியாப்பட்டணத்து வீட்டின் சமையலறை ஜன்னலில் குக்கர் ஆவி படிந்து காலை வெயில் கலங்கலாய் விழுகிறது. இந்தோனேசியாவின் மேடானிலிருந்து மணமாகி வந்த தியூர்மா தோசையைத் திருப்புகிறாள். தட்டோடு காத்திருக்கும் கணவன் ஆண்ட்ரூஸுக்கு அவள் முதுகு மட்டுமே தெரிகிறது. நேற்று வரை, "அபாங்குக்குப் பசிக்குதா? தியூர்மாவுக்கும் பசிக்குது" என்றுதான் கேட்பாள். அவள் ஊரில் அன்பானவரை நீ என்று சொல்ல வாய் வராது. கணவனை அபாங், அதாவது அண்ணன் என்பார்கள், தன்னையும் பேர் சொல்லியே பேசுவார்கள். நேற்று விருந்தில் ஆரோக்கியம் அத்தை, "ஏண்டா, புருசனைப் போயி அண்ணன்னா கூப்புடுறா?" என்றதும் பந்தியே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்துவிட்டு, "இனிமே அப்படிக் கூப்பிடாதே" என்று அத்தனை பேர் முன்னாலும் அவளை அதட்டினான். தோசை தட்டில் விழுகிறது. "காமுவுக்குச் சட்னி வேணுமா?" காமு என்றால் நீ. கூடப் படித்தவனிடம் கேட்பது போன்ற குரல். அவன் தலை நிமிராமல், "அபாங்குக்கு வேணும்" என்கிறான். கரண்டி ஒரு கணம் அந்தரத்தில் நிற்கிறது. பிறகு சட்னி விழுகிறது. "காமுவுக்கு இது போதுமா?"